'கறை போச்சு' பக்கத்துக்கு ஒரு மீடியா கிட்

என் அண்ணிக்கு மனிதர்களின் முகம் இரண்டாவதாகத்தான் தெரியும். முதலில் சட்டை தெரியும். பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிற ஆளைப் பார்த்து, "ஜெல் பேனா. பாக்கெட்டுக்குள்ள மூடி கழண்டிருக்கு. தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவாள். அந்த ஆள் அடுத்த ஸ்டாப் வரைக்கும் தன் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

லாண்டரிக் கடையில் கவுண்டர் வேலை அவளுக்கு. துணி வாங்கும்போதே கறையின் ஜாதகத்தைக் கணித்துவிடுவாள். சாயங்காலங்களில் கடையின் பின்னறையில் நின்று ஒரு நிமிஷ வீடியோ எடுத்துப் போடுவாள். பக்கத்தின் பெயர் 'கறை போச்சு'. பின்தொடர்கிறவர்கள் பதினோராயிரத்துச் சொச்சம் பேர். போன் ஒரு அயர்ன் பாக்ஸ் மேல் சாய்ந்திருக்கும். என் அண்ணன் ஒரு கையால் விளக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கொசு அடிப்பான்.

ஒருநாள் மத்தியானம் எனக்கு போன் பண்ணினாள். நான் விளம்பர அச்சகத்தில் டிசைனர். நோட்டீஸ், பேனர், கடை போர்டு எல்லாம் என் கையில்தான் பிறக்கும்.

"ஒரு சோப்புக் கம்பெனிக்காரங்க மெசேஜ் பண்ணியிருக்காங்க. நம்மகூட சேர்ந்து வேலை பண்ணலாமான்னு யோசிக்கிறாங்களாம். மீடியா கிட் அனுப்பச் சொல்றாங்க. நான் பெட்டி கட்டிட்டேன்."

"என்ன பெட்டி?"

"பிரஷ், வினிகர் பாட்டில், வெள்ளைத் துண்டு ரெண்டு. கொரியர்ல அனுப்பவா, நேர்ல கொடுக்கவா?"

சிரித்து முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கிட் என்றால் பெட்டி இல்லை அண்ணி, ரெண்டு மூணு பக்க பிடிஎஃப். நீங்க யாரு, உங்களை யாரு பார்க்கிறாங்க, பார்த்துட்டு என்ன பண்றாங்க, கம்பெனிக்கு நீங்க என்ன செஞ்சு தருவீங்க, எப்படித் தொடர்புகொள்றது, அவ்வளவுதான் என்று விளக்கினேன்.

"அப்போ பெட்டியைப் பிரிச்சிடவா?" என்று வருத்தமாகக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். முதல் வரைவை நான் எப்போதும் கடை போர்டு போடுகிற பழக்கத்தில் செய்திருந்தேன். பன்னிரண்டு பக்கம், தங்க நிற எழுத்து, அண்ணியின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம்.

"நான் செத்துட்டேனா?" என்றாள் அண்ணி.

ஒளிவட்டத்தை எடுத்தேன். அடுத்து போட்டோ. சுவரோரமாக நிறுத்தி எடுத்ததெல்லாம் பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது மாதிரி வந்தது. கடைசியில் அண்ணன் டீயைத் தன் காலரில் சிந்திக்கொண்டான். அண்ணி திரும்பிப் பார்த்த அந்தப் பார்வையை க்ளிக் செய்தேன். கண்ணில் வேட்டை வெறி. அதுதான் முதல் பக்கம்.

பிறகு எண்கள். இங்கேதான் வீட்டில் சண்டை வந்தது.

நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு வீடியோவில், அண்ணி மிகுந்த அக்கறையோடு சலவைப் பவுடரைக் குவித்து வைத்த வேளையில், விளக்குப் பிடித்திருந்த அண்ணன் தும்மிவிட்டான். பவுடர் மொத்தமும் அண்ணி முகத்தில். ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள்.

"அதையும் சேர்த்து சராசரி போடு" என்றான் அண்ணன். "ஒரு வீடியோவுக்கு எத்தனை பேர்னு பார்த்தா சும்மா எகிறும்."

அண்ணி போனில் அந்த வீடியோவின் புள்ளிவிவரத்தைத் திறந்தாள். பார்த்தவர்களில் கிட்டத்தட்ட எல்லாருமே அவளைப் பின்தொடராதவர்கள். சேமித்து வைத்தவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவு. மற்ற வீடியோக்களை மூவாயிரம், நாலாயிரம் பேர்தான் பார்த்திருந்தார்கள். ஆனால் ஒவ்வொன்றையும் முந்நூறு பேருக்குமேல் சேமித்திருந்தார்கள்.

"ஏன் சேமிக்கிறாங்க?" என்றேன்.

"கறை பட்டா எடுத்துப் பார்க்கத்தான். தும்மலை எதுக்கு சேமிப்பாங்க?" அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "அது உங்களுக்கு வந்த கூட்டம். என்னோடது இது."

அண்ணன் முகம் வாடியது. ஒரு சமாதானம் செய்தோம். கடைசி மூன்று மாதத்தின் வழக்கமான சராசரி பெரிய எழுத்தில். தும்மல் தனியாக, அது தும்மல்தான் என்கிற குறிப்போடு. கம்பெனிக்காரர்கள் எப்படியும் புள்ளிவிவரத்தைத் திறந்து காட்டச் சொல்வார்கள், அப்போது முழிக்க வேண்டாம் என்றேன்.

இரண்டாம் பக்கத்துக்காக, பார்க்கிறவர்களின் வயதையும் ஆண் பெண் கணக்கையும் எடுத்தபோது மூவரும் ஒரே நேரத்தில் வாயைப் பிளந்தோம். அம்மாக்கள் பார்க்கிறார்கள் என்றுதான் அண்ணி நினைத்திருந்தாள். அறுபது சதவீதம் ஆண்கள். அதில் பெரும்பாலோர் பதினெட்டுக்கும் முப்பத்துநாலுக்கும் இடையில்.

கமெண்டுகளைப் படித்தோம். 'அக்கா, நாளைக்கு இன்டர்வியூ, ஒரே வெள்ளைச் சட்டை, சாஸ் கொட்டிருச்சு.' 'அக்கா, ரூம்ல நாலு பேரு, எல்லாத் துணியும் இப்போ பிங்க்.'

"ஐயோ பாவம்" என்றாள் அண்ணி. "இத்தனை நாளா நான் இவங்களைத்தான் 'அம்மாமார்களே'ன்னு கூப்பிட்டுட்டு இருந்தேனா?"

கமெண்ட் எழுதியவர்களிடம் அனுமதி கேட்டு இரண்டை அப்படியே பக்கத்தில் வைத்தோம். மூன்றாம் பக்கத்தில் அவள் செய்து தரக்கூடியவை: தனி வீடியோ, தொடர் வீடியோ, கடையிலேயே வைத்துச் சோதித்துக் காட்டுவது. வீடியோவைக் கம்பெனி தன் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டால் அதற்குத் தனிக் கட்டணம் என்று ஒரு வரி. விலையைப் போடவில்லை, வேலை என்னவென்று தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

சோப்புக் கம்பெனியோடு நிற்காமல் இன்னும் இரண்டு கம்பெனிகளுக்கும் அனுப்பினோம். ஒன்றிலிருந்து பதிலே இல்லை. இன்னொன்று, பணம் கிடையாது, ஒரு பெட்டி சோப்பு தருகிறோம் என்றது. "சோப்பு லாண்டரியிலேயே இருக்குங்க, ரொம்ப நன்றி" என்று அண்ணி பதில் போட்டாள்.

வியாழக்கிழமை சோப்புக் கம்பெனியின் மார்க்கெட்டிங் மேடம் கூப்பிட்டார். அன்றைக்கு எனக்கு லீவு, கடையில்தான் இருந்தேன். நீராவி இஸ்திரி புஸ்ஸென்று மூச்சுவிட்டபடி இருக்க, அண்ணி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"உங்க ரெண்டாவது பக்கத்தைப் பார்த்துட்டு மீட்டிங்கே நின்னுபோச்சுங்க" என்றார் மேடம். "கறை நீக்குற ஸ்டிக் ஒண்ணு கொண்டு வர்றோம். தனியா ரூம் எடுத்துத் தங்குற பசங்களுக்காகத்தான். அவங்களை எங்கே பிடிக்கிறதுன்னு மாசக்கணக்கா தேடிட்டு இருந்தோம். புள்ளிவிவரத்தை போன்ல திறந்து, ஸ்க்ரீன் ரெக்கார்டிங் எடுத்து அனுப்ப முடியுமா?"

அண்ணி அனுப்பினாள். எல்லாம் கிட்டில் இருந்தபடியே இருந்தது.

"மூணு வீடியோ வேணும். மூணு மாசம் எங்க விளம்பரத்துலயும் ஓட்டிக்கிறோம்."

"அதுக்குத் தனிங்க. மூணாவது பக்கத்துல இருக்கு" என்றாள் அண்ணி. குரல் உறுதியாக இருந்தது. கை மட்டும் என் தோளைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"பார்த்தோம். சரிதாங்க."

"இன்னொண்ணு மேடம். ஸ்டிக்கை முதல்ல நான் போட்டுப் பார்ப்பேன். எந்தக் கறை போகலையோ அதையும் சொல்லிடுவேன். காசு வாங்கிப் பண்ற வீடியோன்னும் போடுவேன்."

அந்தப் பக்கம் யாரிடமோ ஏதோ கேட்கிற சத்தம்.

"துருக்கறை போகாதுங்க" என்றார் மேடம். "நீங்களே சொல்லிடுங்க. நாங்க சொன்னா யாரு நம்புறா?"

போனை வைத்ததும் அண்ணி கவுண்டருக்குப் பின்னால் போய், துணிகள் தொங்கிச் சுற்றிவருகிற மோட்டார் கம்பியின் பச்சை பட்டனை அழுத்தினாள். சலவையான சட்டைகளும் கோட்டுகளும் பாலித்தீன் உறைகளோடு ஊர்வலமாக அசைந்து கிளம்பின. அண்ணி ஒரு நீலக் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டு அதோடு ஆடியபடியே கடையைச் சுற்றி வந்தாள். எனக்கும் ஒரு வெள்ளைச் சட்டை கிடைத்தது.

முதலாளி டீக்கடையிலிருந்து திரும்பி வந்து வாசலிலேயே நின்றார்.

"என்னம்மா இது?"

"கஸ்டமர் சர்வீஸ் சார்" என்று சொல்லிக்கொண்டே அண்ணி அவரைக் கடந்து போனாள்.