உலகநாதன் சேர்க்காமல் விட்ட ஒரு வரி

உலகநாதனை எங்கள் கம்பெனியில் எடுத்தது டைப் அடிக்கத்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் கதவுக் கீல் அடிக்கிற சின்ன கம்பெனி அது. கொரட்டூரிலிருந்து ஒரு ஸ்டேஷன் ரயிலில் வந்து, பட்டரவாக்கத்தில் இறங்கி, வெயிலோ மழையோ எட்டேகாலுக்கு நாற்காலியில் இருப்பார். முன்பு பாரிமுனையில் ஒரு கப்பல் கம்பெனியில் பத்து வருஷம் இருந்ததால் வெள்ளைக்காரர் பேசும் இங்கிலீஷ் அவருக்கு அத்துப்படி. எங்கள் மேனேஜர் இராமகிருஷ்ணனுக்கு எழுதின இங்கிலீஷ் புரியும், பேசினால் காது அடைத்துக்கொள்ளும். அதனால் 1986-ல் வெளிநாட்டு ஆர்டர் வர ஆரம்பித்ததும், டைப்பிஸ்டே மொழிபெயர்ப்பாளரும் ஆனார். சம்பளம் டைப்பிஸ்ட் சம்பளம்தான்.

நான் ஸ்டோர் கீப்பர். வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர் வாங்கினவன். அந்த வாய் வேண்டிய நேரத்தில் எங்கே போயிற்று என்பதையும் சொல்கிறேன்.

சரக்கு வாங்குகிற கம்பெனியிலிருந்து டக்ளஸ் என்று ஒரு இன்ஜினியர் வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார். நல்ல மனிதர். எதைப் பார்த்தாலும் பாராட்டுவார். அதிலேதான் சிக்கல். எங்கள் பக்கத்தில் பாராட்டு மொட்டையாக வராது. "புள்ள கொழு கொழுன்னு கீது" என்று ஒருத்தி சொன்னால், அதே மூச்சில் "என் கண்ணே பட்ரும், சாயங்காலம் சுத்திப் போடு" என்று சேர்த்துவிடுவாள். கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பாள். பெற்றவளும் சும்மா இருக்கமாட்டாள், "எங்கேக்கா, சோறே எறங்க மாட்டுது" என்று பிள்ளையை ஒரு படி கீழே இறக்கி வைப்பாள். இதில் சாமியும் இல்லை, பூதமும் இல்லை, பாதி நேரம் நம்பிக்கைகூட இல்லை. ஆனால் அந்த வால் இல்லாமல் ஒருத்தர் பாராட்டிவிட்டுப் போனால், கேட்டவருக்கு ராத்திரி வரை உறுத்தும். வயிற்றெரிச்சலில் சொன்னாரோ என்று தோன்றும்.

டக்ளஸ் மொட்டையாகத்தான் பாராட்டுவார். அவர் ஊர் வழக்கம் அது. உலகநாதன் என்ன செய்வார் என்றால், அந்த வாலைத் தன் கைச்சரக்காகச் சேர்த்துவிடுவார். "ரொம்ப சுத்தமா அடிக்கிறியாம்பா. அவர் கண்ணே பட்டுடும் போலன்றாரு, ஊட்டுக்குப் போய் சுத்திப் போட்டுக்கோ." டக்ளஸ் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் ஷெட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். "தொரை நம்மாளுடா" என்பார்கள்.

"சொல்லாததைச் சொல்றீங்களே சார்" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அவர் மனசுல இருக்கிறது நல்ல எண்ணம். அது இவங்க மனசுக்குப் போய்ச் சேரணும்னா இந்த வழியாத்தான் போகணும். வெறும் வார்த்தையை மட்டும் கொண்டுபோய் வச்சா வேற ஏதோவா மாறிடும்" என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

1988 ஆடி மாதம் டக்ளஸ் வந்தார். வருவதற்கு முதல் நாள் என் ஸ்டோரிலிருந்து பவர் பிரஸ்ஸுக்கான கார்டை எடுத்துக்கொண்டு போய் மாட்டினார்கள். கார்டு என்பது ஒரு கம்பிக் கூண்டு. டை, அதாவது தகட்டை வெட்டுகிற அச்சு, இறங்கும்போது கை உள்ளே போகாமல் தடுப்பது. அதைப் போட்டு ஓட்டினால் மணிக்கு நானூறு அடிக்கிற இடத்தில் இருநூற்றைம்பதுதான் அடிக்க முடியும். ஆகவே அது விருந்தாளி வரும்போது மட்டும் மாட்டுகிற தோரணம். மற்ற நாளில் என் ரேக்கில் தூங்கும்.

அந்த பிரஸ்ஸில் இருந்தது திருவேங்கடம். நசரத்பேட்டைக்காரன், பரம்பரையாக ஏர் பிடித்த வீடு. அந்த வீட்டில் அவன்தான் முதலில் கம்பெனி வேலைக்கு வந்தவன். டக்ளஸ் அவன் அடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எத்தனை வருஷமாக இந்த வேலை என்று கேட்டார். பதினோரு வருஷம் என்றதும் அவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டச் சொன்னார். பத்து விரலும் முழுசாக இருந்தன. பிரஸ்காரன் கையில் அது அதிசயம்தான்.

"பதினோரு வருஷம், பத்து விரலும் பத்திரம்! டச் வுட்!" என்று இங்கிலீஷில் சொன்னார் டக்ளஸ். சொல்லிவிட்டு மரம் தேடினார். எங்கள் ஷெட்டில் மரம் ஏது? தூண் இரும்பு, மேசை இரும்பு, ஸ்டூல்கூட இரும்பு. மனிதர் சிரித்துக்கொண்டே தன் தலையில் இரண்டு தட்டு தட்டிக்கொண்டார். மரம் கிடைக்காவிட்டால் என் மண்டையே மரம்தான் என்று அவர்கள் ஊரில் ஒரு வேடிக்கையாம். உலகநாதன் பிறகு சொன்னார்.

ஷெட்டில் நின்றவர்கள் பார்த்தது வேறு. ஒருத்தனுடைய விரலை எண்ணினார். எண்ணிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பிள்ளையையும் விரலையும் யாராவது வாய்விட்டு எண்ணுவார்களா? திருவேங்கடம் கையை மடக்கிக்கொண்டு உலகநாதனைப் பார்த்தான். வழக்கமான வால் வரட்டும் என்று எல்லோரும்தான் பார்த்தோம்.

அன்றைக்கென்று உலகநாதன் யோசித்தார். எப்போதும் டக்ளஸ் சொல்லாததைத் தைரியமாகச் சேர்க்கிற மனிதர், டக்ளஸ் தானாகவே அப்படி ஒன்றைச் சொன்ன அன்றைக்கு அதைச் சரியாகச் சொல்லவேண்டும் என்று நினைத்துவிட்டார். "மரத்தைத் தொடு" என்றால் யாருக்கும் விளங்காது. "கண்ணு படாம இருக்கட்டும்" என்றால், அவர் சொன்னதில் கண்ணே கிடையாது. அவர்கள் கணக்கில் பொறாமைப்படுகிற ஆள் என்று ஒருத்தர் இல்லை. அதிர்ஷ்டத்தைப் பற்றி உரக்கப் பேசிவிட்டால் அது திரும்பிக்கொள்ளும், மரத்தைத் தொட்டால் திரும்பாது, அவ்வளவுதான். தன்னைப் பற்றியும் சொல்லிக்கொள்வார்கள், பிறரைப் பற்றியும் சொல்வார்கள். நாம் பிறத்தியார் கண்ணுக்குப் பயப்படுகிறோம். இரண்டில் எதைச் சொல்வது என்று அவர் நிறுத்துப் பார்ப்பதற்குள் மேனேஜர், "வாங்க வாங்க, பெயின்டிங் பக்கம் போலாம்" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார். "பதினோரு வருஷம், பத்து விரலும் பத்திரம்னு சந்தோஷப்படறார்பா" என்று மட்டும் திரும்பிச் சொல்லிவிட்டு உலகநாதன் பின்னால் ஓடினார்.

டக்ளஸ் கார் கேட்டைத் தாண்டியதும் கார்டு ஸ்டோருக்கு வந்துவிட்டது. புது ஆர்டர் அவசரம். ஐந்தாம் நாள் மத்தியானம் திருவேங்கடத்தின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

அவனை வேனில் ஏற்றி அனுப்பின கையோடு ஷெட்டில் ஒரே பேச்சுத்தான். தொரை கண்ணு. எண்ணிட்டுப் போனான் பாரு, தலையில அடிச்சிக்கினான் பாரு. மேனேஜருக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. மறுநாள் காலையில் பிரஸ்ஸுக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கிக் குங்குமம் தடவி, நாக்கு நீட்டிய பொம்மை ஒன்றை வாசலில் தொங்கவிட்டார். கார்டை யாரும் கேட்கவில்லை. அது என் ரேக்கில் இருந்தது. நானும் பேசவில்லை. எனக்கும் மூன்று பிள்ளைகள். வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

உலகநாதன் மட்டும் கேன்டீனில் ஒரு தடவை, "கண்ணும் இல்ல மண்ணும் இல்ல, கார்டு இல்ல, அதான்" என்றார்.

"நீ அன்னிக்கு வாய தொறந்து ஒரு வார்த்த சொல்லிருந்தீன்னா கண்ணு கழிஞ்சி போயிருக்கும். இப்ப வந்து பேசறே" என்றான் பெயின்டிங் சின்னசாமி. அவர் டீயைக் குடிக்காமல் எழுந்து போனார்.

அடுத்த வாரம் அந்த பிரஸ்ஸில் திருவேங்கடத்தின் தம்பி கோவிந்தராஜைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். அண்ணனுக்குச் செய்கிற உபகாரம் என்று மேனேஜர் சொன்னார். கார்டு இல்லாமல்தான்.

எப்படியோ சேதி எட்டி, டக்ளஸிடமிருந்து கடிதம் வந்தது. மிகவும் வருத்தமாக இருக்கிறது, என்ன நடந்தது என்று அந்தத் தொழிலாளியே தன் வார்த்தையில் சொல்லி அனுப்பட்டும் என்று கேட்டிருந்தார். உலகநாதன் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் களை வந்தது. கார்டு இல்லை என்று திருவேங்கடம் ஒரு வரி சொன்னால் போதும், டக்ளஸ் விடமாட்டார், கார்டு இல்லாமல் சரக்கே எடுக்கமாட்டார். கோவிந்தராஜின் கை தப்பிவிடும். நானும் அவருமாக நசரத்பேட்டைக்குப் போனோம்.

திருவேங்கடம் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தான். மனைவி பஞ்சவர்ணம் எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டு நிலைப்படியில் நின்றாள்.

"நடந்தத சொல்லுப்பா, அப்படியே எழுதறேன்" என்றார் உலகநாதன்.

"இன்னாத்த சார் சொல்றது. கண்ணு பட்ச்சி. அவ்ளோதான்."

"கார்டு போட்டிருந்தாங்களா?"

அவன் பஞ்சவர்ணத்தைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தம்பி அங்கதான சார் கீறான். எனுக்கு இனிமே யாரு வேல குடுப்பா? மேனேஜர் மேல நான் எதுனா சொல்லி, அவனையும் தொரத்திட்டாங்கன்னா? கண்ணுன்னே எழுது சார். கண்ணுன்னா யார் மேலயும் குத்தம் இல்ல பாரு."

யார்மேலும் குற்றம் இல்லாமல் ஒரு காரியத்தை முடிக்க நம்மிடம் இருக்கிற வார்த்தை அது ஒன்றுதான். ஆனால் இங்கிலீஷில் அதை எழுதினால் யார்மேலாவது குற்றம் வந்துவிடுகிறது. உலகநாதன் இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினார். துரதிர்ஷ்டம் என்று எழுதினால், ஏதோ குடை தொலைந்துபோன மாதிரி லேசாக இருக்கிறது. கெட்ட கண் என்று எழுதினால், டக்ளஸ் சூனியம் வைத்ததாக இவன் புகார் சொல்வதுபோல் ஆகிறது. கடைசியில், "ஒருவரைப் புகழ்ந்தால் பார்வை பட்டுக் கெடுதல் வரும் என்பது இங்கே பேச்சு வழக்கு, அப்படி ஆகிவிட்டது என்கிறார்" என்று விளக்கமாக எழுதி, கீழே தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார். அன்று மெஷினில் கார்டு இல்லை.

மேனேஜர் கடிதத்தைப் படித்தார். பேனாவை எடுத்துக் கடைசி வரியை மட்டும் அடித்தார்.

"இது அவன் சொன்னானா?"

"இல்ல சார். ஆனா..."

"அவன் சொன்னத மட்டும் எழுதுங்க. நீங்க டைப்பிஸ்டா, சாட்சியா?"

இத்தனை நாளும் சொல்லாததைச் சேர்த்தே பெயர் வாங்கியவர், மேசைக்குத் திரும்பி அந்த வரியை எடுத்துவிட்டார். திரும்ப டைப் அடித்துக் கொடுத்தார். நான்தான் கவரை ஒட்டினேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. டக்ளஸ் பாவம், துடித்துப்போயிருந்தார். உங்கள் வழக்கம் தெரியாமல் நான் பாராட்டியது அவர் மனதைப் புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவேண்டும், இனிமேல் உங்கள் ஷெட்டில் வாயைத் திறந்து யாரையும் பாராட்டமாட்டேன் என்று எழுதியிருந்தார். மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண் என்று சொன்னபிறகு மெஷினைப் பற்றிக் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ. கீழே அடுத்த ஆர்டர். முன்னைவிட ஒன்றரை மடங்கு.

அதற்குப் பிறகு உலகநாதன் தினமும் காலையில் மாடியிலிருக்கும் தன் மேசைக்குப் போகாமல் நேரே ஷெட்டுக்கு வருவார். கோவிந்தராஜ் பெடலில் காலை வைத்திருப்பான். கார்டு இல்லாத பிரஸ்ஸைப் பார்த்தபடி, "கண்ணு படாம இருக்கட்டும்பா" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறுவார். அவரிடம் கொடுப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை.

முதல் சில நாள் கோவிந்தராஜ் தலையாட்டினான். பிறகு ஒரு நாள் மெஷினை நிறுத்திவிட்டு, நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

"இன்னா சார், தெனம் வந்து இதயே சொல்றே? என்னைய யாரு இன்னா புகழ்ந்துட்டாங்க, கண்ணு படறதுக்கு?"

உலகநாதன் அவனுடைய பத்து விரலையும் பார்த்தார். எண்ணவில்லை. படியேறிப் போனார்.