மசித்தே கொடுத்தவள்

சட்டை தைக்கும் ஆலையின் பின்பக்கம், துணிக் கிடங்கை ஒட்டி, அங்கே வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகளுக்காக ஒரு காப்பகம் இருந்தது. அதன் சமையல்காரிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் அவள் மசியலக்கா. கீரையோ பருப்போ காரட்டோ, அவள் கையில் அகப்பட்டது எதுவானாலும் கூழாகித்தான் வெளியே வரும். சமையலறையில் அதிக நேரம் நின்றால் நம்மையும் மசித்துவிடுவாள் என்று தையல் பெண்கள் கேலி பேசுவார்கள். அது அவள் காதிலும் விழும். சிரித்து வைப்பாள், அவ்வளவுதான்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமா அது? வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் முருங்கைக்கீரையை அவசர அவசரமாக உருவிப் போட்டதில் ஓர் ஈர்க்கு தப்பிப் போய்விட்டது. இலை குழைந்தாலும் ஈர்க்கு குழையாது, கம்பி மாதிரி அப்படியே கிடக்கும். அது ஒரு பெண்குழந்தையின் தொண்டையில் மாட்டிக்கொண்டது. குழந்தை இருமவில்லை, அழவில்லை. வாயைப் பிளந்தபடி, சத்தமே இல்லாமல் நீலம் பாரித்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அதைத் தொடைமேல் குப்புறச் சாய்த்து, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். ஈர்க்கு வெளியே வந்து விழுந்தது. குழந்தை பிழைத்து, வளர்ந்து, இப்போது பள்ளிக்கூடம் போகிறது. மசியலக்காதான் அந்த நாளிலேயே நின்றுவிட்டாள்.

அதன்பிறகு அவள் கீரை ஆய்வதைப் பார்த்தால் எதிரில் இருப்பவருக்குப் பொறுமை போய்விடும். முளைக்கீரையில் தடித்த தண்டெல்லாம் கழிந்துவிடும். தண்ணீரின் அடியில் மண் தங்காத வரைக்கும் அலசல் ஓயாது. வெந்ததை மத்தால் கடைந்து, அதையும் நம்பாமல் சல்லடையில் தேய்த்து எடுப்பாள். கடுகு, மிளகாய், வேர்க்கடலை எதுவும் அந்தப் பக்கமே வரக் கூடாது. ஒரு வயதுக் குழந்தைக்குக் குழைந்த பருப்புச் சோற்றில் இரண்டு தேக்கரண்டிக் கீரை, இரண்டு வயதுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. முருங்கை எப்போதாவது, அதுவும் கொஞ்சமாக, பகலில் மட்டும். புதுக் கீரை என்றால் முதல்நாள் ஒரு கரண்டிதான். வயிறு இளகியிருக்கும் பிள்ளைக்கு அன்று அதுவும் கிடையாது. மிச்சத்தை எடுத்துவைத்துச் சூடுபண்ணும் வேலையும் இல்லை, கொட்டிவிடுவாள். இத்தனையிலும் குறை சொல்ல இடமில்லை. அந்தச் சல்லடை ஒன்றுதான் குறை. அதை அவளிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

காலர் தைக்கிறவளின் மகனுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. ஒல்லிப் பையன். ஆனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சோற்றுத் தட்டுகளைப் பார்வையிட்டபடி நடப்பான். அதனால் அவனுக்கு முதலாளி என்று பெயர். முதலாளி மசியலக்கா கையால் மட்டும்தான் தின்பான். அவளுக்குப் பிள்ளை இல்லை. அவன் வாயைத் திறந்து ஓடிவரும்போது அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். எடுத்ததற்கெல்லாம் பயப்படுகிறவள் அவனை மடியில் வைத்திருக்கும் நேரத்தில் மட்டும் எதற்கும் பயப்படாமல் இருந்தாள்.

அவனுடைய எடைதான் ஏறவில்லை. மாதாமாதம் வரும் நர்ஸ் தராசைப் பார்த்துவிட்டு அவன் அம்மாவை வரவழைத்தாள். அம்மா கண் கலங்கிவிட்டாள். வீட்டில் இட்ட எதையும் விழுங்க மாட்டேனென்கிறான், ஒரு பருக்கை தட்டுப்பட்டாலும் துப்பிவிடுகிறான், விடுமுறை நாளில் பாலிலேயே பொழுது போகிறது என்றாள். நர்ஸ் அவன் வாயைத் திறந்து பார்த்தாள்.

"பல்லெல்லாம் வந்தாச்சு. மெல்லத்தான் தெரியல. ஒரு வயசுக்கு முன்னாடியே கட்டியா கொடுத்துப் பழக்கியிருக்கணும். நாமதான் கத்துக்கொடுக்காம விட்டுட்டோம்."

நாம என்று அவள் சொன்னது மரியாதைக்கு. அந்த மரியாதை யாரைப் போய்த் தைத்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

நாளையிலிருந்து சல்லடை வேண்டாம், கீரையைப் பொடியாக நறுக்கி நன்றாக வேகவிட்டுக் கொடுங்கள், நிமிர்ந்து உட்காரவைத்து, வாய் காலியான பிறகே அடுத்த வாய் என்று நர்ஸ் விளக்கினாள். முதல் சில நாள் அவன் ஓக்காளிப்பான், இருமுவான் என்றும் சொன்னாள்.

"சத்தமா இருமினா மூச்சு போய் வருதுன்னு அர்த்தம். பக்கத்துல இருங்க, அவனே வெளிய கொண்டுவருவான். கண்ணுக்குத் தெரியாததைத் தேடி வாய்க்குள்ள விரலை மட்டும் விட்டுடாதீங்க. உள்ள தள்ளிடும்."

மசியலக்கா தலையாட்டினாள். அவளுக்கு எல்லாம் புரிந்தது. பயம் மட்டும் விடவில்லை.

மறுநாள் தளிர் முளைக்கீரையாகப் பார்த்து எடுத்தாள். நீள இலை அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று குறுக்கும் நெடுக்குமாக நறுக்கினாள். விரலால் நசுக்கினால் நசுங்கும்வரை வேகவைத்தாள். முதலாளியை நிமிர்த்தி உட்காரவைத்து அரைக் கரண்டி ஊட்டினாள். அவன் முகத்தைச் சுளித்தான், ஆனால் துப்பவில்லை. இன்னொன்று கொடுத்தாள். அதையும் வாங்கிக்கொண்டான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் வாய் காலியா என்று பார்க்க மறந்தாள். பையன் எதையும் விழுங்கியிருக்கவில்லை. எல்லாவற்றையும் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தான்.

மூன்றாவது வாயில் ஓக்காளித்தான். முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்து, பெரிதாக இருமினான். "விடுங்கக்கா, இருமட்டும்," என்றாள் ஆயா. ஆனால் மசியலக்காவின் கண்ணுக்கு முன்னால் இருந்தது இவன் இல்லை, பழைய அந்தப் பெண்குழந்தை. யோசிக்கும் முன்பே விரல் அவன் வாய்க்குள் போய்விட்டது.

இருமல் நின்றது.

ஆயா அவனைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தொடைமேல் சாய்த்தாள். ஒருமுறை தட்டினாள், இன்னொருமுறை தட்டினாள். எத்தனை முறை என்று அங்கே யாராலும் பிறகு சொல்ல முடியவில்லை. கடைசியில் பச்சையாய்ச் சுருண்ட ஓர் உருண்டை தரையில் விழுந்தது. பிறகு அழுகை வந்தது. மசியலக்கா தன் விரலைப் பார்த்தாள். அவளுடைய நகத்தின் ஓரத்தில் கொஞ்சம் ரத்தம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, தொண்டையில் ஒரு கீறல்தான், ஆறிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். வேலையைவிட்டு யாரும் அவளை நீக்கவில்லை. திட்டுவார்கள் என்று காத்திருந்தவளை யாரும் திட்டவும் இல்லை. காலர் தைக்கிறவள் மட்டும் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"உங்கமேல கோபம் இல்லக்கா. நீங்க அவனுக்கு எவ்வளவு செஞ்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா இனிமே நீங்க ஊட்ட வேணாம்."

மசியலக்கா சரியென்றாள். இருந்தாலும் ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று, அவன் திரும்பி வந்த அன்று சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்த்தாள். அவளைக் கண்டதும் முதலாளி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான். அவள் திரும்பிப் போகும்வரை கையை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு பிள்ளைகள் சாப்பிடும் நேரத்தில் அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். கதவுக்கு அந்தப்புறம் இருமல் கேட்கும், ஓக்காளிப்பு கேட்கும், ஆயாவின் குரல் கேட்கும். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அவள் இருந்த இடத்திலேயே இருப்பாள். அடுத்த மாதம் எடை ஏறியிருந்தது. நர்ஸ் சொல்லி அவளுக்குத் தெரியவந்தது. முதலாளி இப்போது வீட்டிலும் சாப்பிடுகிறானாம், முருங்கைக்கீரைகூட மென்று தின்கிறானாம்.

அவன் மெல்வதை அவள் பார்த்ததே இல்லை.