பதினாறு பரப்பும் நாற்பத்தைந்து வீதமும்

எங்கள் வயல் முப்பத்திரண்டு பரப்பு, அதாவது இரண்டு ஏக்கர். சீதனமாக எனக்கு எழுதியது. இன்றைக்கும் என் பெயரில்தான் இருக்கிறது. அதைச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை உண்டு, மறைப்பானேன். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எண்கள் தெரியும், என் பெயரை எழுதுவேன், பஸ்ஸின் பலகையை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். மற்ற எழுத்து வேலை முழுவதும் என் மனுசனுடையது. எங்கள் வீட்டுக்கு மட்டுமில்லை, எங்கள் ஊரான சுருவிலில் பக்கத்து வயற்காரர் எல்லாருக்கும் அவர்தான் எழுதுவார். கமக்காரர் சங்கத்தின் செயலாளர் அவர். படிவம் ஒன்று வந்தால் அது நேரே எங்கள் வீட்டு மேசைக்குத்தான் வரும்.

அந்த மாரியில் மழை மூன்று நாள் விடவில்லை. கடற்கரைப் பக்கத்து அணை உடைந்து உப்புத் தண்ணீர் ஏறியது. எங்கள் வயலில் பள்ளமான பாதி, பதினாறு பரப்பு, கதிர் வெளிவர முந்திய குடலைப் பருவத்தில் தண்ணீருக்குள் தாழ்ந்தது. மேட்டுப் பாதிக்கு ஒன்றும் இல்லை. தாழ்ந்த பாதியிலும் வரம்போரம் பத்தில் ஒரு பங்கு தப்பி நின்றது. பக்கத்து வயற்காரிக்கு இருப்பதே பதினாறு பரப்புத்தான். அவளுக்கும் அதே கதி, அதே பத்தில் ஒன்று மிச்சம்.

காப்புறுதிக்காகச் சேதம் பார்க்க ஒரு பிள்ளை வந்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் குடையோடு வரம்பில் நின்றாள். தாளை நனையாமல் வைத்து எழுத அவளுக்கு மூன்றாவது கை இல்லை. கூடப் போன என் மனுசனிடம், “ஐயா, நான் நிலத்தைப் பார்த்துச் சொல்லுறன், கணக்கை நீங்கள் எழுதுறீங்களோ? பிறகு நான் சரிபார்த்துக் கையெழுத்து வைக்கிறன்” என்றாள். அவர் தன் மழைக்கோட்டுக்குள் தாளை வைத்து, ஒவ்வொரு வயலாக எழுதினார். ஒன்பது வயல். எங்களுடையது கடைசி. அதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பிள்ளை நடுங்கியபடி எல்லாவற்றிலும் கையெழுத்து வைத்துவிட்டு ஓடினாள்.

இரண்டு மாதம் கழித்துக் காசு வந்தது. எனக்கு அதைப் பக்கத்து வயற்காரிதான் சொன்னாள். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு, “அக்கா, பாங்கிலை விழுந்திட்டுது! எனக்கு முப்பத்தாறாயிரம். உங்களுக்கு?” என்றாள்.

“எங்களுக்கும் அதுதானே வரவேணும்” என்றேன். அடுத்த நாள் வங்கிப் புத்தகத்தில் பதிந்துகொண்டு வந்து பார்த்தால் பதினெட்டாயிரம்தான் இருந்தது.

“பாதியோ! செயலாளர்ட வீட்டுக்கே பாதியோ அக்கா? காப்புறுதிக்காரருக்கு நீங்கள் என்ன பகை?” என்று அதைக் கேட்டுச் சிரித்தாள் அவள். பகிடிதான், ஆனால் எனக்குச் சுட்டது.

நான் எழுதாமலே கணக்குப் பார்ப்பவள். காப்புறுதி ஏக்கருக்கு நாற்பதாயிரம். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். ஆக, ஒரு பரப்புக்கு இரண்டாயிரத்தைந்நூறு. பத்தில் ஒன்பது போய்விட்டது, அதற்கு இரண்டாயிரத்து இருநூற்றைம்பது. அதைப் பதினாறு தரம் கூட்டினால் முப்பத்தாறாயிரம். அரிசி கழுவிக்கொண்டு ஒரு தரம், உலையில் போட்டுவிட்டு இன்னொரு தரம் பார்த்தேன். மாறவில்லை. அவரிடம் சொல்லவில்லை. “வேலணைக்குப் போட்டு வாறன், மருந்து எடுக்கவேணும்” என்று பஸ் ஏறினேன். அங்குள்ள காப்புறுதிக் கந்தோரில் அந்தப் பிள்ளையை ஒரு பிடி பிடிக்காமல் வருவதில்லை என்ற முடிவோடுதான் போனேன்.

கதிரையில் அமர்ந்ததும் தொடங்கினேன்.

“பிள்ளை, எனக்கு எழுத்துக் கொஞ்சம்தான். எண்டாலும் கணக்குத் தெரியும். பக்கத்து வயலும் என்ரை வயலும் ஒரே தண்ணிக்கைதான் கிடந்தது. அவளுக்கு முழு நெல்லும், எனக்கு அரை நெல்லுமோ அழுகினது?”

அவள் முகம் சுளிக்கவில்லை. தாள்கள் கட்டிய கோவையை எடுத்து, எங்கள் தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். “பாருங்கோ அம்மா. நாங்கள் மூண்டைத்தான் பெருக்கிறது. ஏக்கருக்கு எவ்வளவு காப்புறுதி, எவ்வளவு நிலம் சேதம், அந்த நிலத்திலை எத்தனை வீதம் அழிவு. இதிலை சேதமான நிலம் பதினாறு பரப்பு. அழிவு நாப்பத்தைஞ்சு வீதம். அதாலைதான் பதினெட்டாயிரம்.”

எழுத்தை நான் வாசிக்கவில்லை. எண்களைப் பார்த்தேன். நாலின் கால் கீழே நீண்டு வளைந்திருந்தது. ஐம்பது வருடமாகப் பார்க்கிற நாலு.

எனக்கு விளங்கிவிட்டது. முழு வயலையும் வைத்துப் பார்த்தால் முப்பத்திரண்டு பரப்பில் நாற்பத்தைந்து வீதம் அழிவு, அது சரி. தாழ்ந்த பாதியை மட்டும் வைத்தால் பதினாறு பரப்பில் தொண்ணூறு வீதம், அதுவும் சரி. எது போட்டாலும் முப்பத்தாறாயிரம்தான் வரும். அவர் நிலத்துக்குப் பாதியைப் போட்டு, வீதத்தையும் பாதியாக்கிவிட்டார்.

பிள்ளைக்கும் அப்போதுதான் விளங்கியது. பக்கத்து வயலின் தாளை எடுத்து ஒப்பிட்டவள், கன்னத்தில் கை வைத்தாள். “அம்மா, நானும் பாராமல் கையெழுத்து வைச்சிட்டன். அண்டைக்கு எனக்கு நல்ல குளிர்.”

“திருத்தலாமோ?”

“ஓம். மேன்முறையீடு போட இன்னும் பத்து நாள் கிடக்கு. காணி உங்கடை பேரிலை, நீங்கள் கையெழுத்து வைக்கவேணும். ஆனால் எண்ணை வெட்டி எழுதினால், எழுதினவரும் நானும் பக்கத்திலை குறியெழுத்து, சின்னக் கையெழுத்து, வைக்கவேணும். ஐயாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

அந்த ஒரு வார்த்தைதான் என்னைப் பிடித்து வைத்தது. காசு எனக்குப் பெரிதில்லை என்று சொல்லமாட்டேன், அடுத்த மாரிக் காலபோகத்து விதைநெல் அதில்தான் இருந்தது. ஆனால் அவருக்கு எழுபத்தாறு வயது. லண்டனில் இருக்கும் மூத்த மகள் ஒவ்வொரு கிழமையும் போனில் ஒன்றையே சொல்லுவாள்: “அப்பாவுக்கு மறதி தொடங்கிட்டுது அம்மா. சங்கத்தை விடச் சொல்லுங்கோ. வயலைக் குத்தகைக்குக் குடுத்திட்டுக் கொழும்புக்குத் தம்பியோடை போய் இருங்கோ.” நான் அதை மறுத்தே வந்தேன். கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினால் அது மறதியா? அப்படிப் பார்த்தால் நான் சின்ன வயதிலிருந்தே மறதிக்காரி. ஆனால் கணக்கு வேறு. கணக்கு அவருடைய உயிர். அதிலேயே பிழை விழுந்ததென்றால், மகள் சொன்னது சரிதானோ?

பஸ்ஸில் வரும்போது மடியில் வெறும் பை. மருந்து எடுக்க மறந்துவிட்டேன்.

இரண்டு நாள் அவர் முகத்தையே பார்த்தேன். சுடுதண்ணீர்ப் போத்தலை எங்கே வைக்கிறார், பனங்கிழங்கை எப்படி உரிக்கிறார் என்று உளவு பார்த்தேன். “என்னப்பா, என்ரை மூஞ்சையிலை என்ன கிடக்கு?” என்று கேட்டார். “ஒண்டுமில்லை, சவரம் எடுக்கேல்லை” என்றேன்.

மூன்றாம் நாள் காலை, தேத்தண்ணியோடு வங்கிப் புத்தகத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

“இஞ்சாருங்கோ, எனக்கு இது பிடிபடேல்லை. பக்கத்து வயலுக்கு முப்பத்தாறு. எங்களுக்குப் பதினெட்டு. ஒருக்காப் பாருங்கோ.”

அவர் புத்தகத்தைப் பார்த்தார். பேனாவை எடுக்கவில்லை. சுவரைப் பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். தேத்தண்ணி ஆடை கட்டியது.

“நான் பதினாறு பரப்பு எண்டு எழுதினனான்” என்றார் மெதுவாக. “பிறகு வீதத்துக்கு வரேக்கை முழு வயலையும் மனசிலை வைச்சு நாப்பத்தைஞ்சு போட்டனான். ஓம். கடைசித் தாள். அந்தப் பிள்ளை நடுங்கிக்கொண்டு நிண்டது. கெதியா முடிப்பம் எண்டு நினைச்சனான். ரண்டு தரம் பாதியாக்கிப்போட்டன்.”

தாளைப் பார்க்காமலே சொன்னார். இரண்டு மாதத்துக்கு முந்திய தாள்! எனக்குக் கண் கலங்கிப் போய்க் குசினிக்குள் அடுப்படிக்குப் போக வேண்டியதாயிற்று.

அவர் பின்னால் வந்து வாசலில் நின்றார். “நீர் கந்தோருக்குப் போனனீர் என்ன? மருந்துக்குப் போன நீர் மருந்தில்லாமல் வந்தனீர்.”

“ஓம், போனனான்.”

“அங்கையே தெரிஞ்சதோ?”

“தெரிஞ்சது.”

“அப்ப ஏன் பிடிபடேல்லை எண்டு நடிச்சனீர்?”

“உங்கடை எழுத்தைப் பிழை எண்டு நானோ சொல்லுறது? நீங்களே சொல்லுங்கோ எண்டு விட்டனான்.”

அவர் சிரிக்கவில்லை. “பிழை விட்டது என்ரை வயலிலை எண்டால் பரவாயில்லை” என்றார். “மற்ற எட்டு வயலும் நான் எழுதினது. அதுகளிலையும் இப்பிடி எண்டால் நான் பேனாவைக் குடுத்திட வேணும். மகள் சொல்லுறது சரி எண்டு ஆகும்.” மகள் என்னிடம் மட்டும்தான் சொல்லுகிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கே வெளிக்கிட்டோம். வெள்ளைச் சேட்டுப் போட்டார், வேட்டியை இருமுறை திருத்திக் கட்டினார். கந்தோரில் அவர் முதலில் கேட்டது எங்கள் தாளையில்லை. “பிள்ளை, அண்டைக்கு எழுதின ஒன்பதையும் ஒருக்கா எடும். எங்கடையைப் பிறகு பாப்பம்” என்றார்.

கதிரை காட்டினாள், அவர் உட்காரவில்லை. அவள் ஒவ்வொரு தாளாகத் திருப்பி, நிலத்தையும் வீதத்தையும் வாசித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சில வயல் முழுவதும் தாழ்ந்தது, சில பாதி. பாதி தாழ்ந்த இடத்திலெல்லாம் தாழ்ந்த நிலத்தின் வீதத்தைத்தான் போட்டிருந்தார். ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது. நான் விரலில் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டாவதை மூடியதும் அவள் நிமிர்ந்து, “எல்லாம் சரி ஐயா. உங்கடை ஒண்டுதான்” என்றாள்.

“ஊருக்குச் சரியா எழுதி, வீட்டுக்குப் பிழை விட்டிருக்கிறன்” என்றார். அப்போதுதான் கதிரையில் இருந்தார். சேட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

நாற்பத்தைந்தை ஒரு கோட்டால் வெட்டி, மேலே தொண்ணூறு என்று எழுதிப் பக்கத்தில் குறியெழுத்து வைத்தார். பிள்ளையும் வைத்தாள். மிச்சப் பதினெட்டாயிரமும் வர ஒரு மாதம் செல்லும் என்றாள். பிறகு மேன்முறையீட்டுத் தாளை என் முன்னால் வைத்தாள். என் பெயரை எழுதி முடிக்க எனக்கு நேரம் எடுக்கும். பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவர் தாளின் ஓரத்தை விரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு, “ஆறுதலா எழுதும், அவசரமில்லை” என்றார்.