மிளகளவு ஓட்டை

நகல் என்றால் மூலத்தைவிட அழகாக இருக்க வேண்டும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பழைய பதிவேட்டில் ஓட்டை இருக்கலாம், கறை இருக்கலாம். அது வெள்ளைக்காரத் துரை காலத்துப் புத்தகம், அதன் தலைவிதி. என் நகலில் "இங்கே ஓட்டை" என்று எழுதினால், விசாரணை அதிகாரி அதைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிவார், பின்னாலேயே என்னையும் எறிவார் என்பது என் திடமான எண்ணம்.

இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஒப்பீசில் நான் இரண்டாவது கிளாக்கர். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பெரிய கிளாக்கர் என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை "அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே திட்டக்கூடியவர். பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டவர்கள் எல்லாரும் அப்போது தோட்டத்து ஆட்களின் பேர் பதிந்த பழைய பதிவேட்டுக்கு நகல் கேட்டு வந்தார்கள். குறித்த காலத்துக்கு முன்பிருந்தே இந்த நாட்டில் விடாமல் இருந்தோம் என்று விசாரணையில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மனு தள்ளுபடி.

அன்று வந்தவர் இஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்து உருட்டும் ரோலர் ஓட்டுபவர். என் வயதுக்காரர். அவருடைய பெயர் இருந்த பக்கத்தைத் திறந்தேன். வலது மேல் மூலை கிழிந்திருந்தது. நடுவில் தண்ணீர்க் கறை, பழுப்பாக, ஆப்பம் சுட்ட மாதிரி. அவர் பெயர் தெளிவாக இருந்தது. பேர் பதிந்த வருஷத்தில் மூன்று எண்கள் தெளிவாக இருந்தன. நாலாவது எண் இருந்த இடத்தில் ஓட்டை.

"என்னா கிளாக்கரய்யா, என் வருசத்தக் காணமா?"

"கடைசி எண் மட்டும் இல்ல."

"அது மட்டுந்தானே வேணும்."

அவர் சொன்னது சரி. அந்த எண் சின்னதாக இருந்தால் அவர் இந்த நாட்டுக்காரர். பெரிதாக இருந்தால் எந்த நாட்டுக்காரரும் இல்லை. எனக்குக் கை துறுதுறுத்தது. ஒரு நாலு போட்டால் என்ன? நாலு அழகான எண். பேனாவை மையில் தோய்த்தபோது பெரிய கிளாக்கர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, அங்க நாலு தெரியுதா?"

"தெரியல."

"அப்ப நாலு எழுதாதீங்க. மூணு எண்ண எழுதி, சதுர அடைப்புல 'ஓட்டை, ஏறக்குறைய ஒரு எழுத்து இல்லை'னு போடுங்க. அவரு வரி மட்டும் இல்ல, பக்கம் முழுசையும் எழுதுங்க."

பயந்தவனிடம் வேலை சொன்னால் இப்படித்தான். நாலைந்து வரி இருந்த பக்கத்துக்கு மூன்று தாள் குறிப்பு எழுதிவிட்டேன். "இங்கே ஓட்டை, மிளகளவு, எலி கடித்தது, பெரிய எலியாக இருக்கலாம்." "இங்கே கறை, மழைக்காலத்தில் ஏற்பட்டது." எல்லாம் இங்கிலீஷில். பெரிய கிளாக்கர் ஒவ்வொன்றாக வெட்டினார்.

"எலிய நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

"மழைய?"

"அப்ப நான் இங்க வேலைக்கே வரல."

"பாக்காதத எழுதாதீங்கண்ணே. ஓட்டை எங்க இருக்கு, எவ்வளவு பெருசு, எத்தன எழுத்து போயிருக்கு. அவ்வளவுதான். கறைக்குக் கீழ எழுத்து தெரிஞ்சா எழுதுங்க. சந்தேகமா இருந்தா பக்கத்துல கேள்விக்குறி. தெரியலன்னா தெரியலன்னு."

ஒருவழியாக முடித்து நிமிர்ந்தேன். அவர் தாளைத் திருப்பினார்.

"பின்பக்கம்?"

"அது வேற ஆளுங்க பேரு."

"ஓட்டை ஒரு பக்கத்தோட நின்னுருச்சா? முன்னால வலது மூல கிழிஞ்சா, பின்னால எந்த மூல?"

கிழிந்த மூலையை விரலால் பிடித்துக்கொண்டு தாளை மூன்று தடவை புரட்டிப் பார்த்த பிறகுதான் இடது என்று சொன்னேன். ரோலர்காரர் வாசலில் நின்றபடி, "என் பேருக்கு இம்புட்டு வேலையா" என்றார். பின்பக்கத்தையும் எழுதினேன். தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரை கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

விசாரணை ஹட்டனில். நகல் எழுதியவன் என்பதால் நானும் போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் ரோலர்காரர் ஜன்னலோரம், நான் அடுத்து, நகல் என் மடியில். டிக்கோயா தாண்டியதும் மழை பிடித்தது. பஸ் கூரை ஒழுகி, சரியாக என் உச்சந்தலையில் சொட்டியது. மனிதனுக்கு இயற்கையான ஒரு குணம் உண்டு. தலையில் தண்ணீர் விழுந்தால் கையில் இருப்பதைத் தூக்கி மேலே பிடிப்பான். நான் பிடித்தேன்.

"அய்யா," என்றார் அவர், மிகவும் அமைதியாக, "அது என் பிரஜாவுரிமை."

இறக்கிப் பார்த்தேன். அவருடைய வரி பிழைத்திருந்தது. அதற்கு மேல்வரியில் மை கரைந்து, அந்த வரியின் வருஷம் ஒரு நீலக் குளமாகியிருந்தது. இப்போது தாளில் இரண்டு வகைக் கறை: பதிவேட்டில் இருப்பதாக நான் எழுதியது ஒன்று, நானே தலைக்குப் பிடித்து உண்டாக்கியது ஒன்று. எது எது என்று அதிகாரிக்கு எப்படித் தெரியும்? பென்சிலை எடுத்தேன். பஸ் குலுங்கக் குலுங்க ஓரத்தில் எழுதினேன்: "இந்தக் கறை பதிவேட்டுக்குச் சொந்தமானதல்ல. நகலுக்குச் சொந்தம். டிக்கோயாவுக்கு அப்பால் பஸ் கூரையிலிருந்து விழுந்தது. இதை நான் பார்த்தேன்." கீழே கையெழுத்தும் போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது: துரை முத்திரை குத்திய தாளில் நான் கைவைத்துவிட்டேன். ஹட்டன் வரும்வரை மறியல்வீட்டில் அடைத்தால் என்ன சாப்பாடு போடுவார்கள் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

அதிகாரி சிங்களவர், மூக்குக்கண்ணாடி போட்டவர். பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். அதிகாரி குறிப்புகளைச் சத்தமாகப் படித்தார். மொழிபெயர்ப்பாளர் அதை மனுதாரருக்குக் கோயிலில் அர்ச்சனை சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"உங்க வரியில ஒரு ஓட்டை இருக்கு. மிளகளவு."

"தெரியுங்க."

"வலது மேல் மூலை கிழிஞ்சிருக்கு. பின்பக்கம் அதே மூலை இடது."

"ஆமாங்க. அதுக்கு ரொம்ப நேரம் ஆச்சுங்க."

அதிகாரி பென்சில் எழுத்துக்கு வந்தார். ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். இது யார் எழுதியது என்று கேட்டார். எழுந்து நின்றேன்.

"கூரையிலிருந்து தண்ணீர் நேராகத் தாளில் விழுந்ததா?"

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னதும், நான் வாயைத் திறப்பதற்குள் ரோலர்காரர் சொன்னார்: "இல்லீங்க தொரை. அய்யா தலையில விழுந்துச்சு. அய்யா பேப்பரக் குடையாப் புடிச்சாரு."

மொழிபெயர்ப்பாளர் அதையும் அதே அர்ச்சனைக் குரலில் அதிகாரிக்குச் சொன்னார். அதிகாரி தலையைக் குனிந்து வெகுநேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு நிமிர்ந்து, என் குறிப்பில் இந்த ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது என்றார். மேல்வரியில் வருஷம் நனைந்துவிட்டதால் மூலப் பதிவேட்டையே கொண்டுவரும்படி சொல்லி, வேறொரு நாளுக்குத் தவணை போட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ரோலர்காரருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அவர்தான் பேசினார். "கோவமா அய்யா? பாத்ததத்தானே சொன்னேன்."

அடுத்த தவணைக்குப் பெரிய கிளாக்கர் பதிவேட்டை மெழுகுத் துணியில் சுற்றி, தானே மடியில் வைத்துக்கொண்டு வந்தார். என்னைத் தொட விடவில்லை. அதிகாரி நகலையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூலை, கறை, ஓட்டை என்று விரல் வைத்துப் பார்த்தார். தாளைத் திருப்பியும் பார்த்தார். எல்லாம் சொன்ன இடத்திலேயே இருந்தன. ஆட்கள் வேலைக்குச் சேர்ந்த வரிசையில்தான் பேர்கள் எழுதப்பட்டிருந்தன. மேல்வரியிலும் கீழ்வரியிலும் ஒரே வருஷம், போதுமான அளவு பழைய வருஷம். நடுவரியில் ஓட்டை; அதுவும் அதே வருஷமாகத்தான் இருக்க முடியும். அந்த எண்ணைக் கடைசிவரை யாரும் பார்க்கவில்லை. மனு ஏற்றுக்கொள்ளப்பட்டது.