ஆறுக்கு எதிரில் நின்றவள்

ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் எங்கள் பெண்கள் பள்ளியில் ஒரு தந்திரம் உண்டு. கேள்வி கேட்டதும் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவள் வலது கை, தெரியாதவள் இடது கை. வலது கையாகப் பார்த்து எழுப்புவது டீச்சரின் சாமர்த்தியம். நான் பூகோளம் எடுத்தவள். வெட்கமே இல்லாமல் இதைச் செய்திருக்கிறேன். எங்கள் கணக்கு டீச்சர் மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள்.

"தெரியாத பிள்ளையை எழுப்பினாத்தான அக்கா, எங்க சறுக்குதுன்னு நமக்குத் தெரியும்?"

"சறுக்கினா உன் வேலையும் சேர்ந்து சறுக்கும், தெரிஞ்சிக்கோ" என்று கத்தினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும்.

கத்தியதற்குக் காரணம் இருந்தது. அவள் தற்காலிக டீச்சர். உலகச் சண்டை முடிந்து எல்லாருக்கும் கைக்கும் வாய்க்கும் எட்டாத காலம். கல்யாணமான சூட்டோடு புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, எப்படியோ ட்ரெயினிங் முடித்து, திருத்தணிக்கு வந்து அண்ணன் வீட்டில் இருந்தாள். விடியுமுன் எழுந்து அந்த வீட்டுக்கே சமைத்துப்போட்டுவிட்டு ஓடி வருவாள். அப்படியும் அண்ணிக்காரி சோற்றைக் கணக்குப் பார்த்துத்தான் போடுவாள். இன்ஸ்பெக்டர் நல்லபடியாகச் சொன்னால் வேலை நிரந்தரமாகும். இல்லாவிட்டால் மறுபடி அந்த அடுப்படிதான். பெரிய டீச்சர் வேறு, "காலங்காத்தால அந்தம்மா மூஞ்சியில சார் முழிக்கணுமா? பின்னாடி எங்கியாச்சும் நிக்கச் சொல்லு" என்று என்னிடம் சொன்னார். நான் அதை அவளிடம் சொல்லவில்லை.

ஆனால் அவள் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் அழகை என்னவென்று சொல்வேன். நூல் சுற்றிவிட்டுத் தூங்கி வழிந்துகொண்டு வரும் நெசவுக்காரர் வீட்டுப் பெண்கள்கூட அவள் வகுப்பில் விழித்துக்கொண்டு இருப்பார்கள். அந்த மாதம் காரணிகள் பாடம். ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்களெல்லாம் அதன் காரணிகள். அதை அவள் கோலாட்டமாக ஆக்கிவிட்டாள். பன்னிரண்டு என்பாள். ஒருத்தி சிலேட்டில் ஒன்று என்று எழுதிக்கொண்டு நிற்பாள். எதிரே பன்னிரண்டு வந்து நிற்கும். இரண்டுக்கு எதிரே ஆறு. மூன்றுக்கு எதிரே நான்கு. எதிரெதிரே நிற்பவர்களைப் பெருக்கினால் பன்னிரண்டு வரவேண்டும். மூன்று ஜோடி, ஆறு காரணிகள். பிறகு பதினெட்டு, இருபது, முப்பது என்று நாள்தோறும் ஆடினார்கள். ஜோடியை எண்ணு, இரண்டால் பெருக்கு என்று பிள்ளைகளே ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். அவளும் சரி என்றாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். கோட்டு, தலைப்பாகை, சிரிக்காத முகம். என் வகுப்பில் வலது கைகள் எல்லாம் ஒழுங்காக எழுந்தன. அடுத்து ஏழாம் வகுப்பு. பெரிய டீச்சரோடு நானும் கதவோரம் போய் நின்றேன்.

"முப்பத்தாறுக்குக் காரணி எத்தனை?" என்றார்.

பெண்கள் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். ஒன்றுக்கு எதிரே முப்பத்தாறு. இரண்டுக்குப் பதினெட்டு. மூன்றுக்குப் பன்னிரண்டு. நான்குக்கு ஒன்பது. ஆறு வந்து நின்றாள். அவளுக்கு எதிரே யாருமில்லை. கோலாட்டத்தில் எதிராளி இல்லாமல் ஒருத்தியை நிற்க விடுவார்களா? மூலையில் இருந்த ஒரு பெண் பரபரவென்று தன் சிலேட்டிலும் ஆறு என்று எழுதிக்கொண்டு எதிரே போய் நின்றுவிட்டாள்.

"அஞ்சு ஜோடி. பத்து காரணி சார்" என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில்.

"தப்பு" என்றார் இன்ஸ்பெக்டர். பெரிய டீச்சர் என்னை ஒரு முறை முறைத்தார், நான்தான் தப்பாகச் சொன்னமாதிரி.

இன்ஸ்பெக்டர் கேட்கும்போது டீச்சர் வாய் திறக்கக்கூடாது என்பது வழக்கம். அவள் முன்னே வந்தாள்.

"தப்பு என்னுது சார். பிள்ளைங்க நான் பழக்கினபடி செஞ்சாங்க. வர்க்க எண் ஒண்ணுகூட நான் அவங்களுக்குக் குடுக்கல. இப்போ குடுக்க உத்தரவு வேணும்."

பாவி, பிள்ளைகள் கவனக்குறைவு என்று சொல்லித் தப்பியிருக்கலாமே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ம்" என்றார்.

அவள் இரண்டு ஆறுகளிடமும் போனாள். "நீ யாரு?" "ஆறு டீச்சர்." "நீ?" "நானும் ஆறு." "முப்பத்தாறை வகுக்கிற எண்ணுங்கள்ல ஆறு எத்தனை தடவை இருக்குது?"

இரண்டாவது ஆறு யோசித்தாள். "ஒரு தடவைதான் டீச்சர்" என்று சிலேட்டைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

இப்போது எண்ணினார்கள். நான்கு ஜோடி எட்டு, தனியே ஓர் ஆறு. ஒன்பது.

"பன்னெண்டுல ஏன் யாரும் தனியா நிக்கல?"

"பன்னெண்டுல எல்லாருக்கும் வேற ஆளு எதிர்ல இருக்குது. எந்த எண்ணையும் அதே எண்ணால பெருக்கினா பன்னெண்டு வராது" என்றாள் ஒருத்தி.

"அப்போ தனியா நிக்கிறது எப்போ?"

"தன்னைத்தானே பெருக்கி அந்த எண்ணு வந்தா." அதற்குப் பிறகு யாராலும் அவர்களைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. நான்கில் இரண்டு தனியே நிற்கும். ஒன்று, இரண்டு, நான்கு என்று மூன்று காரணி. ஒன்பதில் மூன்று தனி. பதினாறில் நான்கு தனி, மொத்தம் ஐந்து. இருபத்தைந்தில் ஐந்து தனி.

இன்ஸ்பெக்டர் குறுக்கே புகுந்தார். "ஒரு எண்ணுல ரெண்டு பேர் தனியா நின்னுட்டா? அப்போ எண்ணிக்கை மறுபடி ரெட்டைப்படையாயிடுமே."

அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "நிக்க முடியாது சார். ஆறை ஆறால பெருக்கினா முப்பத்தாறு. ஆறைவிடப் பெருசை அதாலயே பெருக்கினா முப்பத்தாறைத் தாண்டிடும். சின்னதுன்னா எட்டாது. ஒருத்திதான் தனியா நிப்பா."

அவ்வளவுதான் விஷயம். வர்க்க எண்ணானால் ஒரே ஒருத்தி தனியே மிஞ்சுவாள், எண்ணிக்கை ஒற்றைப்படை. மற்ற எந்த எண்ணானாலும் எல்லாரும் ஜோடி ஜோடியாக நிற்பார்கள், இரட்டைப்படை. பூகோளக்காரிக்கே புரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, சிலேட்டைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்த அந்தப் பெண் கேட்டாள்: "ஆறு பாவம் இல்லியா டீச்சர்? எல்லாருக்கும் ஜோடி இருக்குது, அதுக்கு மட்டும் இல்லியே."

பெரிய டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். வெறும் நெற்றியோடு நின்ற அவளை நான் பார்த்தேன். அவள் முகம் மாறவே இல்லை.

"அதுக்கு என்ன பாவம்? மத்ததெல்லாம் முப்பத்தாறு ஆகணும்னா வேற ஒண்ணு வரணும். ஆறு அதுவாவே நின்னு ஆயிடுது" என்றாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். பெரிய டீச்சர், "தப்பு நடந்துபோச்சு, மன்னிக்கணும்" என்று இழுத்தார். "எந்தப் பள்ளிக்கூடத்துலயும் எனக்குச் சரியான விடைதான் சொல்றாங்கம்மா. தப்பைத் திருத்திக் காட்டினது இங்கதான்" என்று சொல்லிவிட்டு ஜட்கா வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

கிருத்திகைக் கூட்டமெல்லாம் மலையிறங்கிப் போன பிறகு உத்தரவு வந்தது. வேலை நிரந்தரம். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன், அவள் அழவில்லை. அன்று சாயங்காலமே என்னை இழுத்துக்கொண்டு ரயிலடிப் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கக் கிளம்பினாள். ஒற்றை அறை, ஓர் அடுப்பு, பின்னால் ஒரு முருங்கை.

வீட்டுக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "குடித்தனம் எத்தினி பேரும்மா?"

நான் ஏதாவது சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"ஒருத்திங்க. சாவியைக் குடுங்க."