மூடின கடைக்காரர் நம்பர்

காளவாசலில் பருத்திப்பால் கடையை மூடிய பிறகு, லோன் வேணுமா என்று கேட்கும் பெண்ணைத் தவிர நல்லகாமனுக்குப் போன் பண்ண ஆளில்லை. பேரனைப் பார்க்கத் திருப்பூருக்குப் போன மனைவி பாண்டியம்மாள், ரேஷன் கார்டையே அங்கே மாற்றிக்கொண்டதாகத் தெருவில் பேச்சு. அவரிடம்தான் யாரும் சொல்லவில்லை.

ஒருநாள் முத்துமீனா வந்தார். கப்பலூரில் பருத்திப்பால் மிக்ஸ் தயாரித்து, தன் கம்பெனிப் பெயரில் கடை நடத்த உரிமை கொடுப்பவர். அவருடைய பழைய விளம்பரப் புத்தகத்தில், போட்ட பணம் ஒரே வருஷத்தில் திரும்பும் என்று இருந்தது. அதை நம்பிக் கடை போட்டுத்தான் நல்லகாமன் கவிழ்ந்தார். புதுப் புத்தகத்தில் அந்த வரி இல்லை. உரிமைக் கட்டணம் திரும்ப வராது, லாபமோ நட்டமோ விற்பனையில் ஒரு பங்கு கம்பெனிக்கு உண்டு, முதல் மாதம் மட்டும் உதவிக்கு ஆள் வரும், பிறகு போனில்தான் ஆலோசனை என்றெல்லாம் பச்சையாகப் போட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில், எத்தனை கடை திறந்தது, எத்தனை மூடியது, மூடியவர்களில் சம்மதித்தவர்களின் நம்பர்.

“ஒங்க நம்பரப் போட்டுக்கவாண்ணே?”

“கல்யாணப் பத்திரிகைல பேரு போட்டா மொய் எழுதணும். இதுக்கு என்னம்மா எழுதணும்?”

“கேக்குறவுககிட்ட உள்ளதச் சொன்னாப் போதும்ணே.”

புத்தகம் அச்சாகி வந்ததும், கடை போட நினைத்தவர்களிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. நல்லகாமன் குளித்து, சட்டை போட்டுக்கொண்டு பேசினார். எதிர்க்கடைக்காரரின் இரண்டாவது சம்சாரம் வரை கதை நீண்டது. ஆனால் வேண்டியது கிடைத்ததும் எல்லாரும் வைத்துவிடுவார்கள். திருவாதவூர் சரண்யாதேவி மட்டும் திரும்பத் திரும்ப அழைத்தாள். சாப்பிட்டீகளாண்ணே என்றும் கேட்டாள். அதற்காகவே அவர் சாப்பிடத் தொடங்கினார்.

கடைசியில் அவள் நேராகவே கேட்டாள். “ஊர் பஸ் ஸ்டாப்புல கடை போடவாண்ணே? நீங்க போடுன்னா நகையை வச்சிருவேன்.”

போடு என்றால் இவள் தினமும் அழைப்பாள். கல்லாவில் உட்காரக்கூடக் கூப்பிடலாம். நல்லகாமன் போனை மறுகாதுக்கு மாற்றினார்.

“சாயங்காலம் அங்க எம்புட்டுப் பேரு நிப்பாக?”

“ஏழு மணிக்கு மேல நாய்தாண்ணே நிக்கும்.”

“நாய் பருத்திப்பால் குடிக்காது தாயி. எனக்கு ஏவாரமே ராத்திரிதான், அதுலயே வாடகைக்குப் பத்தல. நகை கழுத்துலயே கெடக்கட்டும்.”

சரிங்கண்ணே, மாடு வாங்கிக்கிறேன் என்று வைத்தாள். பிறகு அவள் அழைக்கவில்லை. மாடு வாங்குவதற்கு இவரிடம் கேட்க என்ன இருக்கிறது.

புத்தகம் மறுபடி அச்சுக்குப் போகும்போது முத்துமீனா கேட்டார், தொந்தரவாக இருந்தால் நம்பரை எடுத்துவிடவா என்று.

“இருந்துட்டுப் போகுதும்மா,” என்றார் நல்லகாமன். “எழுத்து மட்டும் கொஞ்சம் பெருசாப் போடச் சொல்லு.”