தைல வாசனை அடித்த மெழுகு

பிள்ளைகளே, நீங்கள் மூவரும் பிறக்கும் முன்பு நான் ஜவ்வாது மலையில் தேன்மெழுகு வாங்கி வெளியூருக்குத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தேன். எனக்குப் படிப்பு எட்டாவது வரைதான். ஆனால் வி.பி.பி. முறை நன்றாகத் தெரியும். தபால்காரர் பணத்தை வாங்கிக்கொண்டுதான் அங்கே பார்சலைக் கொடுப்பார். அந்தப் பணம் நமக்கு மணியார்டராக வந்து சேரும். முகம் தெரியாதவனோடு வியாபாரம் செய்ய அதைவிட நல்ல வழி அப்போது இல்லை.

மெழுகை உருக்கி வடிகட்டி, கொட்டாங்குச்சியில் ஊற்றி ஆறவிடுவார்கள் மலைக்காரர்கள். எந்தக் கட்டி எந்த வீட்டுடையது என்று தெரிய வேண்டுமே! ஆறும்போதே ஒரு வீட்டார் புளியங்கொட்டை, இன்னொரு வீட்டார் மொச்சை, வேறொருவர் ஆமணக்கு விதை என்று பதித்துவிடுவார்கள். நானும் விதையைப் பிடுங்காமல் அப்படியே அனுப்புவேன்.

மூட்டுவலித் தைலம் காய்ச்சி விற்கும் ஒரு பட்டணத்து ஆசாமி நிறைய மெழுகு கேட்டு எழுதினான். அந்தப் பருவத்துச் சரக்கு முழுவதையும் அவனுக்கே அனுப்பினேன். மணியார்டர் வரவில்லை. மலையடிவாரத்துத் தபாலாபீசுக்கு இறங்கிப் போனேன். போஸ்ட்மாஸ்டர் என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"இன்னாப்பா பண்ண நீ? மெழுகுவத்தி மெழுகை அனுப்பி ஏமாத்திட்டேன்னு அந்தாளு புகார் குடுத்துருக்கான். பணத்த நிறுத்தி வச்சுட்டாங்க. சரக்கையும் ரிஜிஸ்தர் பார்சல்ல திருப்பி அனுப்பிட்டான். அதோ இருக்கு பாரு."

மலைக்காரர்களுக்கு நான் இன்னும் காசு கொடுத்திருக்கவில்லை. மெழுகும் போய், பணமும் போனால் அடுத்த பருவம் மலையில் எந்த முகத்தோடு மெழுகு கேட்பேன்?

"வாங்க மாட்டேன்னு சொல்லிட்டா சார்?"

"சொல்லு. திரும்ப அவனுக்கே போவும். உள்ள இன்னா இருந்துதுன்னு யாருக்கும் தெரியாது. வூட்டுக்கு எடுத்துனு போயி பிரிச்சா, நீயே மாத்திட்டேன்னு சொல்லுவான்."

"கோர்ட்டு?"

"அவன் ஊருக்குப் பஸ் சார்ஜு குடுத்தே அழிஞ்சு போவே. இங்கியே, எங்க முன்னாடி பிரி."

முதலில் முத்திரைகளைப் பார்த்தார். எதுவும் உடையவில்லை. தராசில் வைத்தார். அவன் ஊரில் பார்சல் மேல் எழுதிய எடையும் இங்கே காட்டிய எடையும் ஒன்றே. "வழியில எவனும் கை வைக்கல. தபாலாபீஸ் மேல நீ புகார் சொல்ல முடியாது. அவன் போட்டதுதான் வந்துருக்கு" என்றார். டீக்கடைக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டுப் பார்சல் துணியின் தையலை அறுத்தோம்.

குப்பென்று கற்பூரத் தைல வாசனை! அங்கே நின்ற தபால்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"அண்ணே, ஒரு வாரமா அடைச்சுனு இருந்த மூக்கு தொறந்துக்குச்சு. நல்ல சரக்குதான் அனுப்புற நீ!"

உள்ளே இருந்தது மெழுகுவத்தி மெழுகேதான். தேன்மெழுகின் நிறம் வர மஞ்சள் தூளைக் கலந்திருந்தான். தூள் அடியில் படிந்து, மேலே வெளிறிக் கிடந்தது. கையில் பிசைந்தால் குழையவில்லை, பொடிந்தது. தைலம் காய்ச்சும் அண்டாவைக்கூடக் கழுவாமல் அதிலேயே உருக்கியிருக்கிறான் சோம்பேறி. திருட்டையாவது ஒழுங்காகச் செய்யக்கூடாதா?

இன்னொன்றையும் கண்டேன். ஒவ்வொரு கட்டியிலும் புளியங்கொட்டை! எல்லாவற்றிலும் புளியங்கொட்டை!

"சார், பல வூட்டு மெழுகு சார் நான் அனுப்புனது. மொச்சை எங்க, ஆமணக்கு எங்க? ஒண்ணைப் பாத்து எல்லாத்தையும் செஞ்சுருக்கான்."

போஸ்ட்மாஸ்டர் மெல்லச் சிரித்தார். "அப்ப உன் கட்டி அவன் கைக்குப் போயிருக்கு. பாக்காம எப்படிக் கொட்டை வச்சிருப்பான்?"

பார்த்ததை அப்படியே எழுதினார். நாங்கள் கையெழுத்துப் போட்டோம். கட்டிகளை மறுபடி கட்டி அரக்கு வைத்து, மேலதிகாரிக்கு அனுப்பினார். அது வாசனையோடுதான் போயிற்று.

விசாரணைக்கு ஆள் வந்ததும் அந்தப் பெரிய மனிதன், "கடைப் பையன் மாற்றிக் கட்டிவிட்டான்" என்று புகாரை வாபஸ் வாங்கினானாம். பழியைப் போட ஒரு பையன்தான் கிடைத்தான் அவனுக்கு! பிறகு என் மணியார்டர் வந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் குமட்டுகிறது. அடுத்த பருவம் அவனிடமிருந்தே ஒரு கார்டு: "அன்புடையீர், முன்பு போலத் தரமான மெழுகு அனுப்பவும்." வெட்கம் என்ற சொல்லையே அவன் வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை போலும்.

பணத்தை முன்னதாக மணியார்டரில் அனுப்பினால் மெழுகு வரும் என்று பதில் போட்டேன். கூடவே, அண்டாவைக் கழுவி வைக்கும்படியும் எழுதினேன். அவனிடமிருந்து பணமும் வரவில்லை, பதிலும் வரவில்லை.